ஆய்லர் முறையும் பூட்டி வைத்த எக்செல் ஷீட்டும்

எண்முறை லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி முடித்தாயிற்று. வாங்கும் முன் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். இதே பயிற்சி உங்களுக்கும் வரும், இதே மாதிரி ஷீட்டும் வரலாம்.

கணக்கு எளிது: dy/dx = y, தொடக்கத்தில் y(0) = 1. சரியான விடை eˣ என்று எல்லோருக்கும் தெரியும். படியின் நீளம் h = 0.1 வைத்து, ஒவ்வொரு படியிலும் அங்குள்ள சரிவை h-ஆல் பெருக்கி y-உடன் கூட்டிக்கொண்டே போகும் ஆய்லர் முறையில் x = 1 வரை நடந்து, பிழையைக் காட்ட வேண்டும். பிறகு h-ஐப் பாதியாக்கினால் பிழையும் ஏறத்தாழ பாதியாகிறது என்று நிரூபிக்க வேண்டும். எக்செலில் இதற்கு ஒரு வரி போதும். F1 செல்லில் h, A2-இல் 0, B2-இல் 1, C2-இல் =EXP(A2), D2-இல் =C2-B2; அடுத்த வரிசையில்:

```
A3: =A2+$F$1
B3: =B2+$F$1*B2
C3: =EXP(A3)
D3: =C3-B3
```

கீழே இழுத்தால் முடிந்தது. டாலர் குறியை விட்டால் அடுத்த வரிசை காலியான F2-வைத் தேடிப் போகும், y 1.1-லேயே நின்றுவிடும். எண் நகராமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பிரச்சினை லேப்பில் கொடுத்த ஷீட்டில். பத்து படிகளோடு பூட்டி வைத்திருந்தார்கள். h-ஐ மட்டும்தான் மாற்ற முடியும். "பிழை" என்று எழுதிய கட்டம் எப்போதும் D12-ஐத்தான் படிக்கும். h = 0.1-க்கு 0.1245 வந்தது. h = 0.05 என்று மாற்றினேன், 0.0198. பாதி எங்கே, ஆறில் ஒரு பங்கு எங்கே! லேப் பொறுப்பாளரிடம் காட்டினேன். "பிழை குறைஞ்சிருக்குல்ல, அதை எழுதிட்டுப் போப்பா. ஷீட்டைத் திறக்க மாட்டோம்" என்றார்.

அதை எழுதியிருந்தால் ஆய்லர் முறையைப் பற்றியே பொய் சொன்னதாகியிருக்கும். படியைப் பாதியாக்கி வரிசைகளைக் கூட்டாவிட்டால் கடைசி வரிசை x = 0.5-இல் நிற்கிறது. இரண்டு வெவ்வேறு இடங்களின் பிழையைத்தான் அந்த ஷீட் ஒப்பிட்டது. A12-ஐ ஒரு தரம் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரு மதியம் முழுவதும் இதில் போயிற்று.

புதிய ஷீட் போட்டு, ஆயிரமாவது வரிசை வரை இழுத்துவிட்டு, x = 1 எந்த வரிசையில் வருகிறதோ அங்கே தானே போய்ப் படிக்க இதை எழுதினேன்:

```
=INDEX(D2:D1000,ROUND(1/F1,0)+1)
```

இப்போது 0.1-க்கு 0.1245, 0.05-க்கு 0.0650, 0.025-க்கு 0.0332. விகிதம் முதலில் 1.92, அடுத்து 1.96. இரண்டை நோக்கிப் போகிறது. அந்த எண்களைப் பார்த்தபோது வந்த நிம்மதி சாதாரணமானதல்ல.

ரெக்கார்டில் நான் கூடுதலாகச் சேர்த்தது, பிழை எப்படி வளர்கிறது என்பதை. h = 0.1-க்கு முதல் படியில் பிழை 0.00517. பத்து படிக்கு 0.0517தானே வர வேண்டும், ஏன் 0.1245? இரண்டாவது படியைப் பிரித்துப் பாருங்கள். அங்கே பிழை 0.01140. அதில் 0.00571 அந்தப் படியிலேயே புதிதாகப் பிறந்தது. மீதி 0.00569, முந்தைய படியின் பழைய பிழை 1.1-ஆல் பெருகி வந்தது. கடனுக்கு வட்டி போலப் பழைய பிழையும் ஒவ்வொரு படியிலும் வளர்கிறது. புதிய பிழைகளை மட்டும் தனி நெடுவரிசையில் கூட்டினால் x = 1-இல் 0.0845, மீதி 0.04 முழுக்க அந்த வட்டி. அதே h-இல் x = 5 வரை போனால் ஆய்லர் 117.39 என்கிறது, உண்மை 148.41. ஐந்தில் ஒரு பங்கு காணோம்.

ஆனால் பிழை எப்போதும் ஏறும் என்று எழுதிவிடாதீர்கள். dy/dx = −y போட்டுப் பாருங்கள். h = 0.1-க்கு x = 1-இல் பிழை 0.019, x = 5-இல் 0.0016தான். விடையே சுருங்குவதால் பிழையும் சுருங்குகிறது. விடையோடு ஒப்பிட்ட சதவீதமோ 5.2-இலிருந்து 23.5-க்கு ஏறுகிறது. வைவாவில் என்னிடம் கேட்டது இதைத்தான். இரண்டு சதவீதத்தையும் ரெக்கார்டிலேயே காட்டினேன், அடுத்த கேள்வி வரவில்லை. இதே சமன்பாட்டில் h-ஐ 2.5 ஆக்கினால் 1, −1.5, 2.25, −3.375 என்று குறி மாறி மாறி வெடிக்கும். h இரண்டைத் தாண்டினாலே இந்தக் கதிதான். அந்த வரைபடத்தையும் ஒட்டிக் கொண்டு போங்கள்.