ஜுரம் விட்ட பிறகும் ஏழு நாட்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு என் மாமியாருடையது. அவரை மீறி ஒரு சொட்டுக்கூட உள்ளே போகாது. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை என் ஏழு வயது மகனுக்கு 103 டிகிரி ஜுரம் அடித்தது. எச்சில் விழுங்கக்கூட முடியாமல் அழுதான். மாலையில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். இருமலும் மூக்கொழுகலும் இல்லை என்பதையும், டான்சிலில் வெள்ளைப் படலம் இருப்பதையும், தாடைக்குக் கீழே நெறி கட்டியிருப்பதையும் பார்த்துவிட்டு, இது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வந்த தொண்டைப் புண்ணாக இருக்கலாம் என்று சொல்லி, தொண்டையில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு இரண்டு நாளில் வந்தது, அவர் சொன்னதேதான்.

முடிவுக்குக் காத்திராமல் திங்கள் இரவே தொடங்கிய மருந்து அமாக்ஸிசிலின் சிரப். பையனின் எடை 20 கிலோ என்பதால் வேளைக்கு 10 மில்லி, காலையும் இரவும், 10 நாட்கள். ஒரு பாட்டில் 60 மில்லிதான், அதாவது மூன்று நாளுக்கு மட்டுமே வரும். சீட்டில் நான்கு பாட்டில் என்று எழுதியிருந்தும், கையில் பணம் குறைவாக இருந்ததால் நான் ஒன்றை மட்டும் வாங்கி வந்தேன். பின்னால் நடந்த வம்புக்கெல்லாம் அதுவே வித்தானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புதன்கிழமையே ஜுரம் விட்டுவிட்டது. வியாழன் காலையில் பாட்டிலும் காலியாயிற்று. "ஜுரமும் போச்சு, மருந்தும் தீந்துச்சு, இன்னும் எதுக்கும்மா வாங்கற? பச்சப் புள்ள வயிறு புண்ணாயிடும்" என்று அத்தை முடிவாகச் சொல்லிவிட்டார். அன்று இருமுறை அவனுக்கு வயிறு இளகிப் போனது அவர் பக்கத்துக்கு இன்னும் வலு சேர்த்தது. நீறு பூத்த நெருப்பு என்று நான் சொல்லிப் பார்த்தேன், "நெருப்பு இருந்தா ஒடம்பு சுடணும் இல்ல?" என்று அவன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு வேளை தவறிப்போயின.

வெள்ளிக்கிழமை மாலை அத்தையையும் அழைத்துக்கொண்டே மருத்துவரிடம் போனேன். அவர் அத்தையை மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றம்தான். "நீங்க சொல்றது சரிம்மா, மருந்தே கொடுக்காம இருந்திருந்தாலும் இந்த ஜுரம் நாலஞ்சு நாள்ல தானாவே போயிருக்கும்" என்று ஆரம்பித்தார். மருந்து ஜுரத்துக்காக மட்டும் அல்ல, அதற்குப் பிறகு வரக்கூடியதைத் தடுப்பதற்காகவே என்றார். தொண்டையில் இந்தக் கிருமி மிச்சம் இருந்தால், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பு சக்தி, சில குழந்தைகளிடம் ஆள் மாறி இதயத்தின் வால்வுகளையே தாக்கிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கும், அது வடிந்து கணுக்கால் வீங்கும், பிறகு மூச்சு வாங்கும். ருமாட்டிக் ஜுரம் என்று பெயர். எல்லாக் குழந்தைக்கும் வருவதில்லை. வந்துவிட்டாலோ, அது திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் போட வேண்டியிருக்கும்.

ஊசி என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பிறந்து வளர்ந்த காசிமேட்டில், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா மாதாமாதம் ஊசிக்கு அழைத்துப் போவாராம். மாடிப்படி ஏறினால் அந்தப் பெண்ணுக்கு மேல்மூச்சு வாங்குமாம். "அவளுக்கும் மொதல்ல தொண்டதான் வலிச்சுதா டாக்டர்?" என்று கேட்டார். இருக்கலாம் என்று மட்டும் அவர் சொன்னார்.

தவறிய வேளைகளை ஈடுகட்ட இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது, அன்று இரவிலிருந்து தொடர்ந்து மொத்தம் 20 வேளையை முடிக்க வேண்டும் என்றார். வயிறு இளகுவது இந்த மருந்தில் சகஜம், தயிர்சாதம் கொடுக்கலாம். மலத்தில் ரத்தமோ உடம்பில் தடிப்போ தெரிந்தால் உடனே அழைத்து வரச் சொன்னார். சளியோடு வரும் சாதாரண ஜுரத்துக்கு இந்த மருந்தே தேவையில்லை என்பதையும் அத்தையின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

அன்றே மீதி மூன்று பாட்டிலையும் வாங்கினோம். ஒவ்வொரு வேளைக்கும் அத்தை தினசரி நாள்காட்டியின் தாளில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கடைசி வேளை முடிந்தபோது, நான்காவது பாட்டிலில் 40 மில்லி மிச்சம் இருந்தது. அதை மூடி இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வைத்துவிட்டு, "சின்னவனுக்கு ஜுரம் வந்தா ஆவும்" என்றார். தண்ணீர் கலந்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சடித்திருப்பதைப் படித்துக் காட்டினேன். காசு போட்டு வாங்கியதைக் கொட்டுவதா என்ற சண்டை இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது.