லீகல் ஹோல்டு போட்ட பிறகும் பூட்டப்படாமல் கிடந்த வரைபடங்கள்

கோயம்புத்தூரில் பம்ப் பாகங்களுக்கு வரைபடம் போட்டுத் தரும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வாடிக்கையாளர்கள் உண்டு. வரைபடம், ஒப்புதல் கடிதம், இன்வாய்ஸ் என எல்லாவற்றையும் அமேசானின் இணையவழிக் கோப்புச் சேமிப்பகமான எஸ்3-க்கு மாற்றும் வேலை என் கைக்கு வந்தது.

எந்த ரீஜியன், அதாவது கோப்புகள் எந்தப் பகுதியின் சர்வரில் இருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். கோப்புகளைப் போட்டு வைக்கும் ஒரு பக்கெட்டை உருவாக்கிய பிறகு அதன் ரீஜியனை மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டியதுதான். எங்கள் கணக்குப் புத்தகங்களைப் பொறுத்தவரை குழப்பம் இல்லை. மின்னணுக் கணக்குகளின் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2014 நிறுவனக் கணக்கு விதிகள் சொல்கின்றன, 2022 திருத்தத்துக்குப் பிறகு அதைத் தினமும் எடுக்க வேண்டும். ஆகவே மும்பை, `ap-south-1`. அமெரிக்க ஒப்பந்தத்தில் இடத்தைப் பற்றி எதுவும் இல்லாததால் அதையும் மும்பையில் தனி பக்கெட்டாக வைத்தேன்.

ஜெர்மன் வாடிக்கையாளருக்கு ஃபிராங்க்ஃபர்ட், `eu-central-1`. அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு அதிகாரி கேட்டது வேறு: "கோப்பு இங்கே இருக்கிறது, சரி. திறந்து பார்ப்பது யார், எங்கிருந்து?" ஒப்புதல் கடிதங்களில் அவர்களுடைய பொறியாளர்களின் பெயரும் மின்னஞ்சலும் இருக்கின்றன. கோயம்புத்தூரில் உட்கார்ந்து அதைத் திறப்பதும் ஐரோப்பிய விதிப்படி தரவை வெளியே அனுப்புவதுதான். அதற்கான நிலையான ஒப்பந்தப் பிரிவுகளில் கையெழுத்திட்ட பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்தது ஆப்ஜெக்ட் லாக். திருத்திய கோப்பை ஏற்றினாலும் பழையது தனிப் பதிப்பாக அங்கேயே இருக்கும், அந்தப் பதிப்புகளை அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி இது. இதில் கம்ப்ளையன்ஸ் மோடு போட்டால், குறித்த காலம் முடியும்வரை எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கால்கூட அந்தப் பதிப்பை அழிக்க முடியாது. ஒருவர் தன் விவரத்தை நீக்கச் சொல்லி, நாமும் நீக்கக் கடமைப்பட்டிருந்தால் கை கட்டிப்போய்விடும். அதனால் ஃபிராங்க்ஃபர்ட்டில் கவர்னன்ஸ் மோடு வைத்தேன். அங்கே தனி அனுமதி உள்ளவர் பூட்டைத் தாண்டலாம். அமெரிக்க பக்கெட்டில் ஆப்ஜெக்ட் லாக்கை இயக்கினேன், ஆனால் காலவரை எதுவும் வைக்கவில்லை. பழைய பதிப்புகளை 180 நாளில் அழிக்கும் லைஃப்சைக்கிள் விதி மட்டும் இருந்தது. செலவு குறையும் என்று நான்தான் போட்டேன்.

செப்டம்பர் கடைசியில் அமெரிக்க வாடிக்கையாளரின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு ஹவுசிங்கின் சுவர்த் தடிமன் தவறு, எந்த ரிவிஷனை எப்போது அனுப்பினீர்கள் என்பதே வழக்கு, எதையும் அழிக்காதீர்கள் என்று. அன்று மாலையே அந்த புராஜெக்ட் கோப்புகள் அனைத்துக்கும், வழக்குக்காக அழியாமல் பூட்டி வைக்கும் லீகல் ஹோல்டு போட்டேன். கன்சோலில் ஒவ்வொன்றும் இயங்குவதாகவே காட்டியது.

இரண்டு நாள் கழித்து, சந்தேகத்தில், பி ரிவிஷனின் பதிப்பு எண்ணைக் கொடுத்துத் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். `NoSuchObjectLockConfiguration` என்று வந்தது. அதாவது பூட்டே இல்லை. பதிப்பு எண் தராவிட்டால் லீகல் ஹோல்டு தற்போதைய பதிப்பின் மீது மட்டும்தான் விழும். வழக்கோ பழைய பதிப்புகளைப் பற்றியது! பி ரிவிஷன் ஏப்ரல் 15-இல் பழையதாகியிருந்தது. அக்டோபர் 13-இல் விதி அதை அழித்திருக்கும். உடனே விதியை நிறுத்திவிட்டு, `list-object-versions` தந்த ஒவ்வொரு எண்ணுக்கும் இதை ஓட்டினேன்:

```
aws s3api put-object-legal-hold \
  --bucket us-drawings --key P114/housing.dwg \
  --version-id "$VID" --legal-hold Status=ON
```

ஏ ரிவிஷன் ஆகஸ்டிலேயே போய்விட்டிருந்தது. எங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "புகார் முதலில் எப்போது வந்தது?" ஜூலையில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. வழக்கு வரலாம் என்று தெரிந்த நாளிலிருந்தே பாதுகாக்கும் கடமை தொடங்கிவிடுகிறது, வக்கீல் கடிதம் வந்த நாளிலிருந்து அல்ல என்றார். நல்ல வேளையாக அதே கோப்பு, அனுப்பிய தேதியோடு, எங்கள் மின்னஞ்சலில் இணைப்பாகக் கிடைத்தது. தொலைந்ததை வேறு இடத்திலிருந்து மீட்க முடிந்தால் அமெரிக்க நீதிமன்ற விதி 37(இ)-இன் தண்டனை பொருந்தாது என்று அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது தரப் புகார் என்று ஒரு மின்னஞ்சல் வந்தாலே அன்றைக்கே அந்த பக்கெட்டின் விதியை நிறுத்துகிறோம். அப்புறம் எல்லாப் பதிப்புகளுக்கும் ஹோல்டு, ஒவ்வொன்றையும் எண்ணோடு கேட்டுச் சரிபார்ப்பது. லீகல் ஹோல்டுக்கு முடிவுத் தேதி கிடையாது, நாமாக எடுக்கும்வரை அப்படியே இருக்கும். அதனால் எந்த வழக்குக்காகப் போட்டது, யார் சொன்னால் எடுப்பது என்று ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். அந்த பி114 புராஜெக்டுக்கு எதிரே எங்கள் வக்கீலின் பெயர் இருக்கிறது, எடுத்த தேதி இன்னும் காலியாகவே இருக்கிறது.