இரவில் சாப்பிடாமலே காலையில் ஏறும் சர்க்கரை

இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு, அதன்பின் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் படுக்கும் எனக்கு, காலையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 150-ஐ ஒட்டியே இருந்துவந்தது. படுக்கும்போது பார்த்தால் 125 அல்லது 130 தான் இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் ஏறிய சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டபோது, நடுராத்திரியில் நான் சமையலறைப் பக்கம் போய்வருகிறேனோ என்ற சந்தேகமும் அந்தக் கேள்வியில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று இட்லியை ஒன்றாகக் குறைத்துப் பார்த்தும் காலை அளவு இறங்கவில்லை.

எனக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. காலையிலும் இரவிலும் மெட்ஃபார்மின் 500 மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். மருந்தை மாற்றுவதற்கு முன், அதிகாலை மூன்று மணிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார் மருத்துவர். மூன்று மணிக்கு அது 70-க்குக் கீழே இறங்கியிருந்தால் மருந்து அதிகமாக வேலை செய்கிறது என்று பொருள். இரவு முழுவதும் ஒரே சீராக ஏறிக்கொண்டே வந்தால் தாமதமான கனத்த இரவு உணவையோ போதாத மருந்தையோ சந்தேகிக்க வேண்டும். மூன்று மணி வரை இறங்கியோ சமமாகவோ இருந்துவிட்டு அதன்பின் ஏறினால் அது விடியற்காலச் சர்க்கரை உயர்வு. வீட்டுக் கருவியின் அளவில் பத்துப் பதினைந்து சதவீத வேறுபாடு இயல்பு என்பதால், ஓர் இரவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னார்.

அலாரம் வைத்து எழுந்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, அளவைக் குறித்துவிட்டு மறுபடி படுப்பது சற்று எரிச்சலான வேலைதான். ஆனால் இரவுக்கு இரவு ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தது. அவற்றுள் ஒன்று: படுக்கும்போது 128, மூன்று மணிக்கு 114, ஆறு மணிக்கு 143, காலை உணவுக்குச் சற்று முன் 157. கடைசி இரண்டு அளவுகளுக்கும் நடுவில் நான் காபிகூடக் குடிக்கவில்லை.

மருத்துவர் தந்த விளக்கம் இதுதான். நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். அதைக் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து விடுகிறது, போதாததைப் புரதச் சிதைவுப் பொருள்கள் முதலியவற்றிலிருந்து புதிதாகவும் தயாரிக்கிறது. முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், சில மணி நேரம் கழித்து இன்சுலினின் வேகத்தைத் தணிக்கிறது. மூன்று மணிக்கு மேல், கல்லீரலைக் கூடுதல் சர்க்கரை விடச் செய்யும் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறத் தொடங்கி, விழிக்கும் வேளையை ஒட்டி உச்சத்துக்குப் போகிறது. உடலை எழுப்பி நாளுக்குத் தயார் செய்வதற்கான ஏற்பாடு என்பதால் இது எல்லோருக்கும் நடப்பதே. நீரிழிவு இல்லாதவரின் கணையம் அந்நேரத்தில் சற்றுக் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது, என் கணையத்தால் அது முடியவில்லை. இரவு உணவைக் குறைத்துப் பயன் கிடைக்காததற்கும் இதுவே காரணம்.

ஆறு மணிக்குப் பின்னும் ஏறியதற்கும் விடை இதில் இருந்தது. காலை உணவு உள்ளே போய் இன்சுலின் சுரந்தால்தான் கல்லீரலின் கை சற்றுக் கட்டப்படும். ஆகவே ஆய்வகத்தில் பசியோடு ஒன்பதரை மணி வரை வரிசையில் உட்கார்ந்திருந்து எடுத்த அளவு, வீட்டில் விழித்தவுடன் எடுத்ததைவிட அதிகமாக இருந்ததில் வியப்பில்லை. அலுவலகத்தில் தணிக்கை நடந்து தூக்கம் கெட்ட வாரத்தில், சாப்பாடு மாறாமலே காலை அளவு 170 வரை போனது. கவலையும் தூக்கமின்மையும் கார்டிசாலையும் அட்ரினலினையும் கூட்டிவிடுகின்றன.

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையை இரவில் சேர்க்கலாமா என்று கேட்டேன். அது காலை அளவைக் குறைக்கலாம், ஆனால் மூன்று மணிக்கு 114-ல் இருப்பதையும் சேர்த்து இழுத்து, தூக்கத்திலேயே தாழ்சர்க்கரை வரவைத்துவிடலாம் என்று மறுத்தார். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்ததால், இரவு மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் 1000 ஆக மாற்றி, சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார். கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைப்பதே அந்த மருந்தின் முக்கிய வேலை. இரவு உணவுக்குப் பின் நடக்கவும், காலை உணவைத் தள்ளிப்போடாமல் இருக்கவும் சொன்னார்.

சில வாரங்களில் காலை அளவு 130-ஐ ஒட்டி வந்து நின்றது. அதற்குக் கீழே பெரும்பாலும் இறங்கவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.7-ல் இருந்ததாலும், மூன்று மணி அளவு 104 வரை வந்துவிட்டதாலும், காலை எண்ணுக்காக மருந்தை இனிக் கூட்ட வேண்டாம் என்று மருத்துவர் நிறுத்திக்கொண்டார்.