அந்தம் ஆதி: ஒரு சூத்திரத்தோடு நெடுநாள்

உயர்தர வகுப்பில் அளவையியல் படித்தவர்களுக்கு எங்கள் மாஸ்டரின் வழக்கம் மறந்திருக்காது. எந்தப் பந்தியைக் கொடுத்தாலும் அவர் கருத்துக் கேட்கமாட்டார். “முடிவை முதல்ல எழுது தம்பி. பிறகு அதுக்கு என்ன காரணம் சொல்லியிருக்கு எண்டு பார்” என்பார். கொப்பியின் அடியில் முடிவு, அதற்கு மேலே எண் போட்டு எடுகூற்றுகள். நூலில் சொல்லாமல் விட்டு, ஆனால் வாதம் நிற்பதற்குத் தேவைப்படுகிற எடுகூற்று எதுவாக இருந்தாலும் அதைப் பென்சிலால் எழுதவேண்டும். நூலாசிரியர் சொன்னதையும் நாம் சேர்த்ததையும் ஒருநாளும் கலக்கக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர்.

சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் அதே முறையில் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தை வாசித்துவருகிறோம். தோ பாயோவில் எங்களுக்கு மூத்த ஒரு அண்ணையின் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் இடம். வேலை முடிந்து எம்ஆர்டியில் வந்து சேர ஏழு மணி தாண்டிவிடும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த அந்த நூலில் சூத்திரங்கள் 12, வரிகள் 40. ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு சூத்திரத்தையும் அவரே கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், ஏது, உதாரணம் என்று வைத்திருக்கிறார். மேற்கோள் என்பது நிறுவ வந்த முடிவு. ஏது அதற்கான காரணம். மாஸ்டர் எங்களிடம் கேட்ட வேலையில் பாதியை நூலே செய்து தந்திருக்கிறது என்று சொல்லலாம். மற்றப் பாதியில்தான் எங்கள் மாலைகள் போயின.

முதல் சூத்திரம் இது:

அவன் அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

அந்தமே ஆதி, அதாவது உலகத்தை ஒடுக்குகிறவனே அதற்கு முதல் என்பது இதன் சாரம். இதற்குள் மூன்று வாதங்கள் இருக்கின்றன. முதலாவதன் முடிவு, உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்பது. ஏது, தோற்றமும் ஈறும் உள்ளதனிடமே காணப்படுகின்றன என்பது. எங்களில் ஒரு தம்பி முதல் நாள் இதைக் கொப்பியில் அப்படியே பெயர்த்து எழுதிவந்தார். அண்ணை புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, “இப்ப உங்கட சொல்லில சொல்லுங்கோ” என்றார். தம்பியால் சொல்ல முடியவில்லை. நூலின் சொல்லையே திரும்ப எழுதினால் விளங்கியதா இல்லையா என்பது எழுதியவருக்கே தெரிவதில்லை. அதனால் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவது அன்றிலிருந்து எங்கள் விதியாயிற்று.

மூடிவிட்டு எழுதியபோது வந்தது இது. ஒன்று, அவன் என்றும் அவள் என்றும் அது என்றும் சுட்டப்படும் ஒவ்வொரு பொருளும் தோன்றி, இருந்து, மறைகிறது. ஆகவே உலகம் முழுவதும் தோன்றி, இருந்து, மறைவது. எழுதி முடித்ததும் இடைவெளி கண்ணில் பட்டது. ஒவ்வொன்றும் மறைகிறது என்பதிலிருந்து எல்லாம் சேர்ந்து மறையும் என்று எப்படி வரும்? ஒன்று மறையும்போது இன்னொன்று தோன்றிக்கொண்டே இருந்தால் உலகம் என்றைக்கும் இருக்கலாமே. எனவே பென்சிலில் ஒரு வரி சேர்த்தோம்: உறுப்புகளுக்கு உள்ள இயல்பு தொகுதிக்கும் உண்டு. அது எல்லா இடத்திலும் பொருந்தாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அப்படியே விட்டோம். விட்டது நல்லதாயிற்று என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாவது வாதம்தான் எங்களை அதிக நாள் பிடித்துவைத்தது. ஒடுக்கியவனால் அன்றி உலகம் மீண்டும் தோன்றாது என்பது முடிவு. அதற்கு இரண்டு ஏதுக்கள்: இல்லாதது தோன்றாது, உள்ளதும் செய்வோர் இல்லாமல் செயற்படாது. அவசரமாகப் படித்தால் இரண்டும் ஒரே பேச்சாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பிரித்துப் பார்க்க மாஸ்டர் சொல்லித்தந்த சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு எடுகூற்றாகக் கையால் மறைத்துவிட்டு, மிச்சத்தை வைத்து முடிவு வருகிறதா என்று பார்க்கவேண்டும். மறைத்த பிறகும் முடிவு முழுசாக நின்றால் அந்த எடுகூற்றுக்கு அந்த வாதத்தில் வேலை இல்லை.

சரி, முதல் ஏதுவை மறைத்தோம். செய்வோன் ஒருவன் வேண்டும் என்பது அப்போதும் வருகிறது. ஆனால் அவன் வெறுமையிலிருந்தே உலகத்தைப் படைத்திருக்கலாம். முன்பு ஒடுங்கிக் கிடந்தது ஒன்று வேண்டியதில்லை. இரண்டாவதை மறைத்தோம். ஒடுங்கிக் கிடந்தது உண்டு என்பது வருகிறது. ஆனால் அது தானாகவே விரிந்திருக்கலாம், செய்வோன் வேண்டியதில்லை. சைவ சித்தாந்தத்தில் வழக்கமாகச் சொல்லும் குடத்தின் உவமை அன்றைக்குத்தான் எனக்குச் சரியாக விளங்கியது. முதல் ஏது மண்ணைத் தருகிறது, இரண்டாவது ஏது குயவனைத் தருகிறது. வெறுமையிலிருந்து தோன்றும் என்பவருக்கு ஒரு பதில், தானே தோன்றும் என்பவருக்கு இன்னொரு பதில். இரண்டு எதிராளிகளுக்கு ஒரே வாக்கியத்தில் மறுமொழி சொல்லியிருக்கிறார் மெய்கண்டார். சின்ன வயதில் பாடமாக்கிய வரிக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தபோது வந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வது!

ஆனாலும் முடிவு இன்னும் வரவில்லை. செய்வோன் ஒருவன் உண்டு என்பது வரை வந்துவிட்டோம். ஒடுக்கியவனேதான் அந்தச் செய்வோன் என்பதற்கு, ஒடுங்கியது எங்கே ஒடுங்கியதோ அங்கிருந்துதான் மீண்டும் வரும் என்று பென்சிலில் எழுதவேண்டியிருந்தது. அதை எழுதும்போது முதல் வாதத்துக் கேள்விக்குறி தேடிக்கொண்டு வந்தது. உலகம் முழுவதும் ஒருசேர ஒடுங்கினால்தான் ‘ஒடுக்கிய ஒருவன்’ என்று பேச இடமுண்டு. பொருள்கள் தனித்தனியே வெவ்வேறு காலத்தில் மறைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்வோன் கிடைப்பான்; எல்லாவற்றுக்கும் ஒருவன் கிடைக்கமாட்டான். ஆக, ‘அந்தம் ஆதி’ என்ற முடிவின் பாரம் அந்தப் பென்சில் வரியில்தான் இருக்கிறது.

பென்சில் வரி எழுதுவதில் ஒரு ஆபத்தும் உண்டு. போதுமான அளவு பெரிய வரியைச் சேர்த்தால் எந்த வாதத்தையும் ஒரு நிமிடத்தில் நிமிர்த்திவிடலாம். ‘உலகத்துக்கு ஒரே இறைவன் உண்டு’ என்று ஒருவர் எழுதினார். முடிவு உடனே வந்துவிட்டது, ஆனால் நிறுவ வந்ததையே எடுகூற்றாக வைத்துவிட்டோம். இப்படி நடந்ததை அறிய ஒரு வழி, அந்த வரியை முடிவை ஏற்காத ஒருவர் ஒப்புவாரா என்று கேட்பது. முடிவை மறுப்பவர் அந்த வரியையும் அதே காரணத்துக்காக மறுப்பார் என்றால் அழித்துவிடவேண்டும். இடைவெளியை நிரப்பக்கூடிய மிகச் சிறிய வரி எதுவோ அதுதான் வேண்டும். உரைக்குப் போவதும் அதற்குப் பிறகுதான். இந்த நூலுக்குச் சிவஞான முனிவர் எழுதிய உரை மிக ஆழமானது. ஆனால் முதலே அதைத் திறந்தால் எது மூலம், எது உரை என்று கொப்பியில் பிரிக்கமுடியாமல் போகிறது.

அப்புறம், எங்களில் இளையவர் ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அண்ணையின் மருமகள், நாங்கள் எல்லோரும் தாண்டிப்போன ஒன்றைக் கேட்டார். “மாமா, குயவனும் தோன்றி மறைகிறவன்தானே. அவனைச் செய்தது யார்?” அந்தக் கேள்விக்காகத்தான் மூன்றாவது வாதம் வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படும் உலகத்துக்குச் சுதந்திரம் இல்லை. அப்படிச் சுட்டி அறியப்படாமல் நிற்கும் ஒன்றையே அது சார்ந்திருக்கிறது, எனவே அதுவே முதல் என்கிறது அந்த வாதம். அப்படியானால் இந்தக் குயவன் தோன்றி மறைகிற பொருள்களின் வரிசையில் இன்னொருவன் இல்லை, அந்தக் கேள்வி அவனிடம் போகாது. ஆனால் சுட்டி அறியப்படுவது எதுவுமே சுதந்திரமற்றது என்பதற்கு என்ன ஏது? அவர் விடாமல் அதையும் கேட்டார். புதிய பக்கத்தின் அடியில் அதை முடிவாக எழுதி வைத்திருக்கிறோம். மேலே இன்னும் எண் ஒன்றுகூடப் போடவில்லை.