செவலையின் வலது பின்காம்பு

நான் மேற்பார்வை பார்க்கும் பண்ணையில் பதினான்கு கறவை மாடுகள். ஒன்றுக்கு ஒரு காம்பு முன்பே அடைபட்டுப் போனதால், கறக்கும் காம்புகள் ஐம்பத்தைந்து. எந்த மாட்டின் மடியிலும் வீக்கமில்லை, சூடில்லை, பாலில் திரியில்லை. ஆனால் மொத்தப் பாலில் வெள்ளணுச் செல்களின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே வந்தது. கண்ணுக்குத் தெரியாத மடிநோய் எங்கோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை எந்த மாட்டில், எந்தக் காம்பில் தேடுவது என்பதில்தான் முதல் தப்பைச் செய்தேன்.

ஒவ்வொரு மாட்டின் நான்கு காம்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் பீய்ச்சி ஒரே கிண்ணத்தில் கலந்து சோதித்தேன். வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன். செவலைக்கு 'சந்தேகம்' என்று மட்டும் வந்தது. மற்றவை எல்லாம் சுத்தம். கால்நடை மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று காம்புகளில் மில்லிக்கு 1 லட்சம் செல்கள், நான்காவதில் 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சம அளவில் கலந்தால் மில்லிக்கு 3.75 லட்சம். நோயுள்ள ஒரு காம்பை நல்ல மூன்று காம்புகள் மறைத்துவிடுகின்றன. "நாலு பேர் சாட்சியை ஒரே வாக்குமூலமா எழுதிட்டீங்க தம்பி" என்றார்.

இந்தச் சோதனைக்கென்று இருக்கும் துடுப்பு போன்ற தட்டில் நான்கு கிண்ணங்கள் இருப்பதே இதற்காகத்தான். 1957இல் ஷால்ம், நூர்லேண்டர் என்ற இருவர் வெளியிட்ட கலிபோர்னியா மடிநோய் சோதனை இது. பண்ணைகளில் சி.எம்.டி. என்பார்கள். அடுத்த நாள் காலைக் கறவைக்கு முன்பு தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி முதல் மாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.

காம்பைத் துடைத்து, முதல் மூன்று நான்கு பீய்ச்சல்களைத் தனிக் குவளையில் விட்டுவிட வேண்டும். அப்புறம் காம்புக்கு ஒரு கிண்ணம். தட்டைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகச் சாய்த்தால் அதிகப்படி பால் வழிந்து, கிண்ணத்துக்கு சுமார் 2 மில்லி நிற்கும். அதே அளவு கரைசலை ஊற்றி, தட்டைக் கிடையாக வைத்துப் பத்து வினாடி போல மெதுவாக வட்டமாகச் சுழற்ற வேண்டும். சுழற்றும்போதே பார்க்க வேண்டும், நிறுத்திவிட்டுப் பார்க்கக் கூடாது. லேசான மாற்றம் சில வினாடிகளில் மறைந்துபோகும். ஒரு மாட்டை முடித்துவிட்டுத் தலைநிமிர்ந்து யாருக்கோ பதில் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தால், சந்தேகக் கிண்ணமும் சுத்தக் கிண்ணமும் ஒன்றுபோல இருக்கும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. அந்த மாட்டை மறுபடி முதலிலிருந்து சோதித்தேன்.

கரைசலில் இருப்பது ஒரு சோப்பு வகையும் ஊதா நிறச் சாயமும். பாலில் இருக்கும் வெள்ளணுக்களை சோப்பு உடைக்கிறது. உள்ளிருந்து வெளிவரும் டி.என்.ஏ. கூழாகிறது. அணுக்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கெட்டி. அதாவது தட்டில் நாம் பார்ப்பது கிருமியை அல்ல, கிருமியை எதிர்க்க மாடு அனுப்பிய படையை. இந்த ஒரு விஷயத்தை நான் மனதில் சரியாக வாங்கியிருந்தால் அடுத்த மூன்று வாரம் வீணாகியிருக்காது.

முடிவை ஐந்து நிலையாகப் படிப்போம். பால் நீர்போல ஓடினால் சுத்தம். சாய்க்கும்போது மட்டும் லேசாக இழுவை தெரிந்து மறைந்தால் சந்தேகம். தெளிவாகக் கெட்டியாகி, ஆனால் கூழாகாவிட்டால் 1. உடனே கெட்டியாகி, சுழற்றும்போது நடுவில் திரண்டு கிண்ணத்தின் அடி தெரிந்தால் 2. முட்டை வெள்ளைக்கருபோல மேடாக எழும்பித் தட்டோடு ஒட்டினால் 3. அடுத்தடுத்த நிலைகளின் செல் எண்ணிக்கை வரம்புகள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அதனால் நிலையை வைத்துச் சரியான எண்ணைச் சொல்ல முடியாது. கன்று போட்ட முதல் சில நாள் சீம்பாலிலும், பால் வற்றப்போகும் கடைசி நாட்களிலும் நோயில்லாமலேயே கெட்டியாகலாம். அந்த நிலையில் இருந்த ஒரு மாட்டின் முடிவுக்குப் பக்கத்தில் அப்படியே குறித்துவைத்தேன்.

ஐம்பத்தைந்து காம்பில் நாற்பத்து நான்கு சுத்தம், நான்கு சந்தேகம், ஐந்து 1, இரண்டு 2. அந்த இரண்டில் ஒன்று செவலையின் வலது பின்காம்பு. மற்றொன்று பக்கத்தில் நிற்கும் கருப்பியின் இடது பின்காம்பு. நான்கு காம்பையும் ஒன்றாகக் கலந்தபோது 'சந்தேகம்' என்று மட்டும் பேசிய செவலை, தனித்தனியே கேட்டபோது ஒரு காம்பை நேராகக் காட்டிக்கொடுத்தது. தட்டின் கைப்பிடி எப்போதும் மாட்டின் தலைப்பக்கம் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே ஒரு விதி வைத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் இடது காம்பு வலதாகிவிடும். நல்ல காம்பில் மருந்து போய்விடும்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. முடிவு 2 என்றதும் பயந்துவிட்டேன். செவலைக்கும் கருப்பிக்கும் மடிக்குள் செலுத்தும் ஆன்டிபயாடிக் ட்யூபைப் போட வேண்டும் என்று மருத்துவரிடம் வற்புறுத்தினேன். "முதல்ல கல்ச்சருக்கு அனுப்பி எந்தக் கிருமின்னு வளர்த்துப் பார்க்கலாம், அதுக்குள்ள இந்த ரெண்டையும் கடைசியில கறங்க" என்றார் அவர். நான் கேட்கவில்லை. ட்யூப் போட்டோம். விதித்த நாள் முடியும்வரை அந்தப் பாலைக் கொட்டினோம். கருப்பி மூன்று வாரத்தில் சுத்தமானாள். செவலை 1க்கு இறங்கி, மறுபடி 2க்கு ஏறினாள். அதைவிட வலித்தது வேறொன்று. அவளுக்கு அடுத்தடுத்து கறக்கப்படும் இரண்டு மாடுகள், முதல் சுற்றில் முழுச் சுத்தமாக இருந்தவை, ஆளுக்கு ஒரு காம்பில் 1 காட்டின.

இதற்கிடையில், ட்யூப் போட்ட சில நாளிலேயே செவலையின் பாலைக் கல்ச்சருக்கு அனுப்பியபோது 'வளர்ச்சி இல்லை' என்று வந்தது. மருந்தின் மிச்சம் மடியில் இருக்கும்போது எடுத்த மாதிரி அது. கிருமி இருந்தாலும் வளராது. அந்தக் காகிதத்தைப் பார்த்து நோய் போய்விட்டது என்று நினைத்திருந்தால் இன்னும் கெட்டிருக்கும். இரண்டு வாரம் பொறுத்து மறுபடி எடுத்தோம். காம்பு நுனியை எழுபது சதவீத ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முதல் பீய்ச்சல்களை விட்டு, சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, விரலோ தூசியோ வாயைத் தொடாமல் பாலைப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்பினோம். ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று பதில் வந்தது.

அந்தப் பெயரைப் படித்ததும் மூன்று வாரத்தில் நடந்தது முழுவதும் தெளிவானது. இந்தக் கிருமி மடியின் திசுவுக்குள் பதுங்கிச் சிறு கட்டிகளுக்குள் இருக்கும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. பாலில் சில நாள் வரும், சில நாள் வராது. அதனால்தான் ஒரு கல்ச்சரில் இல்லை என்றாலும் சந்தேகம் தீராது. இது ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கறக்கும் கையாலும், துடைக்கும் துணியாலும், கறவைக் கருவியின் குப்பியாலும். சாணத்திலும் படுக்கையிலும் இருந்து வரும் கிருமியாக இருந்திருந்தால் நான் கொட்டகையைக் காயவைக்க வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்றால் அதுவும் கையால் பரவும், ஆனால் பென்சிலினுக்குப் பெரும்பாலும் அடங்கிவிடும். தட்டில் மூன்றும் ஒரே மாதிரி கூழாகத்தான் தெரியும். நான் 2 என்ற நிலையைப் பார்த்து மருந்தை முடிவு செய்தேன். அது சொன்னது எந்தக் காம்பு என்பதை மட்டும்தான்.

ஆக, மாற வேண்டியது கைகள். அந்தப் பேச்சைக் கறக்கும் அக்காவிடம் எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். அவர் என்னைவிட அதிக வருடம் கறப்பவர். "என் கையாலதான் பரவிச்சுன்னு சொல்றியா?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? கடைசியில் தட்டையே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். செவலையின் நான்கு காம்பையும் அவரே சோதித்தார். மூன்று கிண்ணம் நீராக ஓட, நான்காவது நடுவில் திரண்டு எழுந்ததும் அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவளைக் கடைசியாக் கறப்போம், அப்படித்தானே?" என்றார். அன்றிலிருந்து வரிசை மாறியது. முதலில் முதல் ஈற்று மாடுகள், அப்புறம் நான்கு காம்பும் சுத்தமானவை, அப்புறம் சந்தேகமும் 1உம், கடைசியில் செவலை. மாட்டுக்கு ஒரு துணி, ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கைகழுவல். கறந்து முடித்ததும் ஒவ்வொரு காம்பும் 0.5 சதவீத அயோடின் கரைசலில் முழுசாக முங்க வேண்டும். நுனி நனைந்தால் போதாது. தீவனத்தைக் கறவைக்குப் பிறகு வைத்தோம். காம்பின் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும், அதுவரை மாடு நின்றுகொண்டிருக்கட்டும் என்பதற்காக.

வரிசை மாற்றியதில் எனக்கு எதிர்பார்ப்பு அதிகமாகவே இருந்தது. முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதச் சுற்றில் புதிதாக ஒரு காம்பும் ஏறவில்லை. அதுவே முதல் நல்ல செய்தி. புதிதாகத் தொற்றிய இரண்டு மாடுகளுக்கும் இந்தமுறை கல்ச்சர் எடுத்துவிட்டு மருத்துவர் சொன்ன சிகிச்சை கொடுத்தோம். முதல் ஈற்று மாடு தேறியது. தொற்று புதிது, மாடு இளசு, ஒரே காம்பு என்பதால் வாய்ப்பு இருந்தது. மூத்த மாடு இன்னும் 1தான்.

செவலைக்குக் கறவைக் காலத்தில் இனி ட்யூப் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வற்றவிடும் நாளில் நான்கு காம்புக்கும் வற்றுக்கால மருந்தைச் செலுத்தினோம். கன்று போட்டு ஒரு வாரம் கழித்துச் சோதித்தேன். வலது பின்காம்பு 2. எனக்குப் பிடித்த மாடு அவள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அன்றைக்கு மருத்துவரிடம் மறுபடி ட்யூப் கேட்கவில்லை. "இந்த ஈற்று முடியும்வரை கடைசியில் கறக்கலாம், அப்புறம் இந்தக் கூட்டத்தில் அவளை வைக்கக் கூடாது" என்று அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

கொட்டகைச் சுவரில் பதினான்கு வரிசை, வரிசைக்கு நான்கு கட்டம் வரைந்திருக்கிறோம். மாதம் ஒருமுறை தட்டோடு சுற்றி வந்து அக்காதான் சாக்கட்டியால் நிரப்புகிறார். கைப்பிடி தலைப்பக்கம் இருக்கிறதா என்று என்னைக் கேட்பதும் அவர்தான்.