வகுப்பு நேரத்தில் படம் எடுக்க முதல்வருக்கு எழுதிய கடிதம்

கடலூரில் ஒரு மெட்ரிக் பள்ளியின் மைதான ஓரத்தில் வேலி போட்டு மழைமானி வைத்திருக்கிறார்கள். பருவமழைக் காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலை 8.30 மணிக்கு மழையளவைக் குறிக்கிறார்கள். வானிலைத் துறை கணக்கெடுக்கும் நேரமும் அதுதான். பிறகு சமூக அறிவியல் பாடவேளையில் அந்த எண்களைப் பலகையில் வரைபடமாகப் போடுகிறார்கள். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. அதனால் இந்த வகுப்பைக் குறும்படமாக எடுக்க நானும் ஒரு நண்பரும் விரும்பினோம்.

கடிதம் எழுதுவதற்கு முன்பு முதல்வரை நேரில் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, "சனிக்கிழமை வச்சுக்கலாமே, சார்?" நியாயமான கேள்வி. வகுப்பு நேரம்தான் வேண்டும் என்றால் அதற்கான காரணம் கடிதத்திலேயே இருக்க வேண்டும். தாளாளரும் பெற்றோரும் இதையேதான் அவரிடம் கேட்பார்கள். அடுத்து, "ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்வீங்களா?" என்றார். பாடம் நின்றுபோய்விடும் என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வழக்கம்போலத்தான். பொருளில் வகுப்பு, பாடவேளை, தேதி மூன்றையும் போட்டேன். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமைந்தது:

"மாணவர்கள் தாங்கள் குறித்த மழையளவை வைத்து வரைபடம் போடுவதே படத்தின் பொருள். விடுமுறை நாளில் எடுத்தால் அது நடிப்பாகிவிடும். எனவே மூன்றாம் பாடவேளை ஒன்று மட்டும் கேட்கிறோம். பாடம் ஒரே முறைதான் நடக்கும். எதையும் மறுபடி செய்யச் சொல்ல மாட்டோம். நாங்கள் இருவர் மட்டுமே வருவோம். ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஆசிரியர் சட்டையில் ஒரு மைக். தனி விளக்கு கிடையாது. முதல் மணி அடிக்கும் முன்பே கேமராவை வைத்துவிட்டு, இடைவேளையில்தான் அதை அகற்றுவோம்."

இதோடு பெற்றோர் ஒப்புதல் படிவத்தின் மாதிரியையும் இணைத்தேன். பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்பதால் பள்ளியின் அனுமதி மட்டும் போதாது. படிவம் தமிழில், ஒரே பக்கம். முகம் தெரியலாம், கையும் குரலும் மட்டும் வரலாம், எதுவும் வேண்டாம் என்று மூன்று கட்டங்கள். திரும்பி வராத படிவத்தை 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்வோம் என்று கடிதத்திலும் எழுதினேன். இந்த வரியைப் படித்த பிறகுதான் முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்பவர்களிடம் காரணம் கேட்கக் கூடாது என்று அவரே சேர்த்துச் சொன்னார். குடும்பத்தில் வழக்கு நடக்கும் வீடுகளும் உண்டு. பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பதே வெளியே தெரியக் கூடாத நிலை சிலருக்கு இருக்கும்.

அப்படியானால் அந்தப் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? நூலகத்துக்கு அனுப்பிவிடலாம் என்று ஓர் ஆசிரியர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடில்லை. படம் எடுக்கிறோம் என்பதற்காக ஒரு பிள்ளைக்குப் பாடம் போகக் கூடாது. வகுப்பறையின் படத்தைக் கையால் வரைந்து கடிதத்தோடு வைத்தேன். ஜன்னலோர மூலையில் கேமரா, அதன் பார்வைக்குள் இரண்டு வரிசை. ஒப்புதல் தராதவர்கள் கேமராவுக்குப் பின்பக்க வரிசையில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கவனிப்பார்கள். இட மாற்றத்தை வகுப்பாசிரியர் முந்தின நாளே செய்துவிட்டால், யார் ஒப்புதல் தரவில்லை என்று யாருக்கும் பளிச்சென்று தெரியாது.

தாளாளர் பார்த்த பிறகு, முதல்வர் கடிதத்தின் ஓரத்திலேயே சில நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்திட்டார். அடையாள அட்டையைக் கழற்றி வைக்க வேண்டும், ஏனென்றால் அதில் பெயர், முகவரி, பெற்றோர் கைபேசி எண் எல்லாம் இருக்கிறது. பலகை மூலையில் வராதவர்களின் பெயர் இருந்தால் அழித்துவிட வேண்டும். படத்தில் யாருடைய முழுப்பெயரும் வரக் கூடாது. வெளியிடும் முன் பள்ளிக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பெற்றோர் யாராவது மனம் மாறினால் அதற்குள் சொல்லிவிட வேண்டும், அந்தக் காட்சியை நாங்கள் நீக்கிவிட வேண்டும். ஒன்றை நான் சேர்க்கச் சொன்னேன்: மணி அடித்ததும் ஆசிரியரின் மைக்கை அணைப்பது. அதே மைக்கோடு அவர் ஓய்வறைக்குப் போனால் அங்கே பேசுவதெல்லாம் பதிவாகிவிடும்.

இது தனியார் பள்ளி என்பதால் முதல்வர், தாளாளர் அளவிலேயே முடிந்தது. அரசுப் பள்ளியென்றால் தலைமையாசிரியர் தானாக முடிவு செய்ய மாட்டார்; முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்துக்கும் மனு போக வேண்டியிருக்கும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வை ஒட்டிய வாரங்களில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதையும் பார்த்துத் தேதி கேட்பது நல்லது.

கையெழுத்தான கடிதத்துக்கு மூன்று நகல் எடுத்தோம். ஒன்று வகுப்பாசிரியருக்கு, ஒன்று எங்களுக்கு, இன்னொன்று வாயில் காவலருக்கு. படப்பிடிப்பு நாளில் முதல்வர் ஒரு கூட்டத்துக்கு வெளியே போயிருந்தார். காவலர் அந்த நகலைப் பார்த்துத்தான் எங்களை உள்ளே விட்டார்.