தாம்பூலப் பைக்கு ஒரு வள்ளம்

ஏப்ரல் 19

தாம்பூலப் பையில் அச்சடிக்க, எங்கள் மீன்பிடி வள்ளத்தின் போட்டோ மேல் டேப்லெட்டில் கோட்டுப்படம் போடுகிறேன். அச்சுக்காரர் சொன்னது இரண்டே விஷயம். பையில் படம் 15 சென்டிமீட்டர் அகலம் வரும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போன கோடு துணியில் நிற்காது.

மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான். 600 டிபிஐ வைத்தால் 15 சென்டிமீட்டர் 3543 பிக்சல். அரை மில்லிமீட்டர் 12 பிக்சல். ஆக, படத்தில் ஆக மெல்லிய கோடு 12. அதற்கு மேலே 18, அதற்கும் மேலே 28. மூன்று கனம் போதும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 12க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், பையைக் கையில் பிடித்தால் தெரியாது.

ஏப்ரல் 20

லேயர் அடுக்கு: அடியில் போட்டோ, 30 சதவீதம் மட்டும் தெரிகிற மாதிரி மங்கலாக. அதன் மேல் லேசான நீலப் பூச்சு ஒன்று; இருட்டான இடத்தில் கறுப்புக் கோடு போட்டாலும் போட்டது தெரியும். அதற்கு மேலே உடம்புக்கு ஒரு லேயர், துடுப்பு, கயிறு, வலைக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. பிரித்து வைத்தால் கயிற்றை அழிக்கும்போது வள்ளம் அழியாது.

போட்டோவை அடிக்கடி அணைத்துப் பார்க்க வேண்டும். அது தெரிகிறவரை எல்லாக் கோடும் சரியாக இருப்பது போலவே தோன்றும், ஏனென்றால் கண் பார்ப்பது போட்டோவைத்தான்.

ஏப்ரல் 21

புழுக்கம். உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டுகிறது, கோடு தடுக்கித் தடுக்கிப் போகிறது. பழைய பனியனில் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் சேர்த்து ஓர் உறை.

ஏப்ரல் 23

அண்ணன் திரையைக் கையில் வாங்கி ஒரே பார்வைதான். "தம்பி, இது நம்ம வள்ளம் இல்லையே. அணியம் வீங்கிக் கிடக்கு, அமரத்தக் காணோம்."

அவர் சொல்வது சரி. முன்மூக்கான அணியம் பெருத்து, பின்பக்கமான அமரம் சுருங்கிக் கிடக்கிறது. கோடு போட்டோவை விட்டு எங்கேயும் விலகவில்லை, போட்டோவே அப்படி. போன் கேமராவின் சாதாரண லென்ஸ் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். மூக்குக்கு நாலடியில் நின்று எடுத்தால் கிட்டே இருப்பது பெருத்துவிடும், எட்ட இருப்பது சுருங்கிவிடும். போட்டோவாகப் பார்த்தால் கண் அதை மன்னித்துவிடுகிறது. நிழலும் நிறமும் போய் வெறும் கோடாக நிற்கும்போது அந்தக் கோணல் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இழுத்து நீட்டிச் சரிசெய்கிற கருவிகள் உண்டு. ஓரத்து வளைவுக்குத்தான் அவை உதவும். கிட்ட நின்று எடுத்ததை எட்ட நின்று எடுத்ததாக மாற்றாது. புதுப் போட்டோதான் வழி.

ஏப்ரல் 24

காலை ஆறரை, பாம்பன் கரை. விசைப்படகெல்லாம் தடைக்காலத்தில் கட்டிக் கிடக்கிறது. வள்ளம் அப்போதுதான் கரையேறி நின்றது.

பதினைந்து எட்டு வைத்துத் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, வள்ளத்தின் நடுவுக்கு நேராகக் குனிந்து எடுத்தது. நின்றபடி எடுத்தால் மேல்விளிம்பின் இரண்டு பக்கமும் தெரிந்து வள்ளம் தட்டு மாதிரி விரிந்துவிடும். அணியத்துக்கு அடியில் ஒரே கருநிழல், அங்கே பலகை எங்கே முடிகிறது என்று படத்தில் தெரியாது. அந்த இடத்தை மட்டும் கிட்டே போய்த் தனியாக ஒன்று எடுத்தேன். அது கோடு எடுக்க அல்ல, பார்த்துப் புரிந்துகொள்ள.

ஏப்ரல் 26

மேல்விளிம்பு. அணியத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, அமரத்தில் மறுபடி கொஞ்சம் ஏறுகிற ஒரே வளைவு. படத்தில் வேறு எது தப்பினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இது நெளிந்தால் வள்ளமே உளுத்த மாதிரி இருக்கும்.

நெளிவு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஜூம்தான். துல்லியமாக இருக்கட்டும் என்று 300 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் வளைவின் ஒரு துண்டுதான் திரையில் இருக்கும். அந்தத் துண்டு கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரியும், நேராகவே இழுப்போம். அடுத்த துண்டும் அப்படியே. சேர்த்துப் பார்த்தால் வளைவு இருக்காது, முட்டு முட்டாக ஒடிந்த கோடு இருக்கும். நீண்ட வளைவை முழுப்படமும் திரையில் தெரிகிற அளவில்தான் போட வேண்டும்.

இரண்டாவது, மணிக்கட்டு. மணிக்கட்டை ஊன்றி இழுத்தால் கை ஒரு சிறிய வில்லைத்தான் வரையும்; அது முடிகிற இடத்தில் கோடு தானாக உள்ளே சுருண்டுவிடும். மணிக்கட்டைப் பூட்டிவிட்டு முழங்கையும் தோளும் அசைய வேண்டும். டேப்லெட்டை மடியில் வைத்தால் இது நடக்காது, மேசை வேண்டும். கான்வாஸைச் சுழற்றி, வளைவின் குழி கை இருக்கிற பக்கம் வரும்படி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பேனாவைத் தொடாமல் காற்றில் இரண்டு தடவை அதே வழியில் ஓட்டிவிட்டு, மூன்றாவதில் இறக்க வேண்டும். கண் பேனா முனையைப் பார்க்கக் கூடாது. கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

மெதுவாக இழுத்தால் நடுக்கம் அத்தனையும் பதியும். வேகமாக இழுத்தால் இடம் தப்பும். இடம் தப்பிய சுத்தமான கோட்டை நகர்த்திப் பொருத்திவிடலாம், நடுங்கிய கோட்டை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் எப்போதும் கொஞ்சம் வேகத்தின் பக்கமே சாய்வு.

ஸ்டெபிலைசர் பாதி அளவில். அது பேனாவுக்குப் பின்னால் தாமதித்து வந்து நடுக்கத்தைச் சராசரியாக்குகிறது. முழுசாக ஏற்றினால் கோடு வழுவழு என்று வரும், ஆனால் மூலைகளை வெட்டிக்கொண்டு போகும். அணியத்தின் கூர் அப்படித்தான் மழுங்குகிறது. கூர் வரும் இடத்தில் பேனாவைத் தூக்கிவிட வேண்டும். அங்கிருந்து வேறு கோடு.

சோதனை: கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் திருப்பிப் பார்ப்பது ஒன்று. இன்னொன்று இதைவிட நல்லது: படகு கட்டுகிற ஆசாரி பலகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி நீளவாக்கில் பார்ப்பதுபோல, டேப்லெட்டைக் கண் மட்டத்துக்குச் சாய்த்து கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்ப்பது. நேரே பார்த்தபோது தெரியாத முட்டு அப்படியே எழுந்து நிற்கும்.

ஏப்ரல் 27

மேல்விளிம்பு. இன்னும் நடுவில் ஒரு முட்டு.

ஏப்ரல் 28

அணியத்து முன்கோடு மேலே வெளிப்பக்கம் வளைந்து, கீழே உள்பக்கம் திரும்பி, அடிக்கட்டையான ஏராவில் சேர்கிறது. இரண்டு வளைவு. ஒரே இழுப்பில் போட்டால் திரும்புகிற இடத்தில் கை தயங்கும், அங்கே ஒரு கட்டி விழும். வளைவு மாறுகிற புள்ளியிலேயே பிரித்து இரண்டாக இழுப்பது மேல். முதல் கோட்டின் வால் மேல் இரண்டாவதின் தலை ஒரு நகக்கண் அளவு ஏறி ஓட வேண்டும். முனையோடு முனை வைத்து ஒட்டினால் ஒட்டு தெரியும்.

மேல்விளிம்பு தேறிவிட்டது.

ஏப்ரல் 29

எந்தக் கோட்டுக்கு எந்தக் கனம்?

வெளிக்கோடு முழுவதையும் தடிமனாகப் போட்டு உள்ளே எல்லாவற்றையும் மெல்லிசாக விடுவது எல்லோரும் செய்வது. ஸ்டிக்கருக்கு அது சரி. வள்ளம் மணலில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாரம் தெரிய வேண்டும். மணலைத் தொடுகிற அடிக்கோடு 28. வெயில் படுகிற மேல்விளிம்பு அதே வெளிக்கோடுதான், ஆனால் 18. அணியத்தில் மேலே 18-இல் தொடங்கி ஏராவை நெருங்க நெருங்க 28 ஆகும். அந்த ஏற்றம் பேனா அழுத்தத்திலேயே வர வேண்டும். பலகைகளின் பொருத்துக்கோடு 12, அதுவும் முழு நீளம் வேண்டாம். அணியத்திலிருந்து கிளம்பி நடுவுக்கு முன்பே விட்டுவிடலாம், மீதியைக் கண் இழுத்துக்கொள்ளும்.

ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் போகிற இடம்: முன்னால் இருப்பதன் கோடு தடிமன், பின்னால் போவது அதைத் தொடுமுன் மெலிய வேண்டும். மேல்விளிம்பின் மேல் சாய்ந்த துடுப்புக்கு இதுதான் முறை.

ஏப்ரல் 30

வலைக் குவியல். கண்ணி கண்ணியாகப் போடவே கூடாது. இரண்டு கோட்டுக்கு நடுவே 12 பிக்சல் இடைவெளி இல்லாவிட்டால் துணியில் மை பரவி இரண்டும் ஒன்றாகிவிடும், வலை ஒரு கறுப்புச் சாணி உருண்டையாகத்தான் வரும். குவியலின் வெளிக்கோடு, மடிப்புகள் மூன்று நான்கு, மடிப்பு திரும்புகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் கண்ணி. அவ்வளவே.

வள்ளத்தில் எழுதியிருக்கிற பதிவு எண் வேண்டாம் என்று விட்டாச்சு. அண்ணனுக்கு அதில் வருத்தம்.

மே 2

பின்னால் பாலம். ரோட்டுப் பாலத்தின் மேல்கோடு சரியாக அணியத்தின் கூர்முனையில் வந்து முட்டுகிறது. போட்டோவில் இது உறுத்தாது. பாலம் வெளிறி எட்ட இருக்கிறது. கோட்டுப்படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு, பாலத்தை வள்ளம் மூக்கால் தாங்குவதுபோல் இருக்கிறது. ஒன்று தெளிவாக வெட்டிப் போக வேண்டும், இல்லை தெளிவாக விலகி நிற்க வேண்டும். பாலத்தை 80 பிக்சல் மேலே ஏற்றினேன். பாலத்துக்கு வலிக்காது.

ரூலர் கருவியில் போட்ட நேர்கோடு பக்கத்திலிருக்கிற கைக்கோட்டோடு சேரவில்லை. அதையும் கையால்தான்.

மே 3

கோட்டு வால்கள். அழுத்தம் குறையும்போது முனை ஊசியாக மெலிகிறது, பார்க்க அழகு. ஆனால் 12க்குக் கீழே போன பகுதி பையில் இருக்காது. கோடு பாதியில் அறுந்தாற்போல் முடியும். பிரஷ் அமைப்பில் குறைந்தபட்ச அளவை 45 சதவீதம் வைத்தால் 28 பிக்சல் பிரஷ் எவ்வளவு லேசாகத் தொட்டாலும் 12க்குக் கீழே இறங்காது. 18 பிரஷுக்கு அதே கணக்கில் 67. இதை முதல் நாளே வைத்திருந்தால் வால்களைத் திரும்பப் போடுகிற வேலை மிச்சம்.

மே 4

அச்சுக்காரர் போன் எடுக்கவில்லை. வைகாசி முகூர்த்தக் கூட்டம்.

மே 5

வெள்ளையில் கறுப்பாகவே இத்தனை நாள் பார்த்தது. பை மஞ்சள், மை அரக்குச் சிவப்பு. அடியில் மஞ்சள் லேயர் போட்டுக் கோட்டுக்கு அரக்கு நிறம் கொடுத்துப் பார்த்தால் 12 எல்லாம் இன்னும் மெலிந்து தெரிகிறது. பொருத்துக்கோடுகளை 14 ஆக்கினேன். ஃபிலிமுக்குக் கொடுக்கும் கோப்பில் திரும்பவும் சுத்தக் கறுப்புத்தான் இருக்க வேண்டும்; ஓரத்தில் சாம்பல் நிறம் இருந்தால் ஃபிலிமில் ஓரம் பிசிறடிக்கும். போட்டோ லேயரும் மஞ்சள் லேயரும் அணைத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் சேமித்தது.

மே 7

மாதிரிப் பை வந்தது. மேல்விளிம்பு ஓடுகிறது, முட்டு இல்லை. வலை வலையாகவே இருக்கிறது. துடுப்பும் மேல்விளிம்பும் கயிறும் கூடுகிற இடத்தில் மட்டும் மை கட்டி ஒரு புள்ளியாகிவிட்டது. மூன்று கோடு ஒரே இடத்தில் சந்தித்தால் நடுவில் இருக்கிற சின்ன முக்கோணம் அடைபடும். கயிற்றை அந்த இடத்துக்கு வராமல் இரண்டு விரல் முன்னாலேயே உள்ளே இறக்கிவிட வேண்டும்.

அண்ணன் பையை ரொம்ப நேரம் பார்த்தார். "அணியம் சரி. எண் எங்க?"

மே 8

கயிறு மாற்றியாச்சு. எண்ணைப் போட்டால் எழுத்து உயரம் எவ்வளவு வரும் என்று பார்க்கணும். 12 பிக்சல் கோட்டில் எட்டுக்கு உள்ளே இரண்டு ஓட்டையும் திறந்திருக்க வேண்டுமென்றால் உயரம் 60க்குக் குறையாது, பலகையில் அவ்வளவு இடம் இருக்குமா?